துளை விழுந்த வட்டத்தட்டு

பாலிடெக்னிக்கில் எஞ்சினியரிங் மெக்கானிக்ஸ் பாடம் நடத்தியவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாமல் இருக்காது. ஒரு வட்டத்தட்டு. எல்லா இடத்திலும் ஒரே கனம். அதில் வட்டமாக ஒரு துளை வெட்டியாகிவிட்டது. துளை நடுவில் இல்லை, ஒரு பக்கமாக இருக்கிறது. மிச்சமிருக்கும் தட்டின் நிறை மையம் எங்கே? வருடம் தவறாமல் ஏதாவது ஒரு வடிவத்தில் வினாத்தாளில் வந்துவிடும். முப்பது வருடம் இதைக் கரும்பலகையில் போட்டிருக்கிறேன். இன்றைக்கும் ஒரு காகிதம் கையில் கிடைத்தால் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. வீட்டில் அதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதை இங்கே எழுதவில்லை.

கணக்குப் பக்கமே போகாத நண்பர்களும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள் என்பதால் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நிறை மையம் என்பது பெரிய சமாச்சாரம் இல்லை. ஒரு தாம்பாளத்தை ஒற்றை விரலில் நிறுத்தப் பார்த்தால், எந்தப் புள்ளியில் விரலை வைத்தால் அது எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கிறதோ அதுதான். துளை இல்லாத வட்டத்தட்டுக்கு அது நட்டநடு மையம். இதற்குக் கணக்கே வேண்டாம். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி இருக்கிற தட்டு, ஒரு பக்கம் மட்டும் சாய்வதற்குக் காரணம் ஏது?

வலது பக்கத்தில் துளை போட்டால் அந்தப் பக்கம் இலேசாகிவிடும். மையம் இடது பக்கம் நகரும். எவ்வளவு நகரும் என்பதுதான் கேள்வி.

எண்களை வைத்துக்கொண்டு பார்ப்போம். தட்டின் ஆரம் 12 செ.மீ. துளையின் ஆரம் 6 செ.மீ. துளை தட்டின் வலது விளிம்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அப்படியானால் துளையின் மையம் தட்டின் மையத்திலிருந்து 6 செ.மீ. வலப்புறம். துளையின் இடது ஓரம் சரியாகத் தட்டின் மையத்தில் வந்து முட்டும். புத்தகத்தில் இதற்கு ஒரு கட்டம் போடுவார்கள். பரப்பு ஒரு பத்தி, தூரம் ஒரு பத்தி, இரண்டையும் பெருக்கியது ஒரு பத்தி. துளையின் பரப்புக்கு முன்னால் கழித்தல் குறி போட்டு, கடைசியில் கூட்டி வகுப்பார்கள். விடை சரியாக வரும். ஆனால் 'கழித்தல் பரப்பு' என்றால் என்ன என்று ஒரு பையன் எழுந்து கேட்டால், பல பேர் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள்.

இதை எண்பதுகளின் கடைசியில் ஒரு விடைத்தாள் திருத்தும் முகாமில் நேராகவே பார்த்தேன்.

எந்த ஊர், எந்தக் கல்லூரி என்பதெல்லாம் வேண்டாம். ஒரு பெரிய கூடம், நீள மேசைகள், மேசைக்கு ஆறு பேர், சணல் கயிறு கட்டிய கட்டுகள். எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த நண்பர் ஒரு விடைத்தாளை என் பக்கம் தள்ளினார். "இதப் பாருங்க சார், பத்து மார்க் கேள்விக்கு மூணு வரி எழுதியிருக்கான்" என்றார். மேலே நான் சொன்ன அதே கணக்கு, அதே அளவுகள். பையன் கட்டம் போடவில்லை, சூத்திரம் எழுதவில்லை. அவன் எழுதியிருந்தது ஏறக்குறைய இவ்வளவுதான்: முழுத்தட்டு 4 பங்கு, வெட்டிய துண்டு 1 பங்கு, மீதி 3 பங்கு. 3 × x = 1 × 6. ஆகவே x = 2 செ.மீ., துளைக்கு எதிர்ப்பக்கம்.

விடை சரி. நண்பர் பத்துக்கு மூன்று போட்டிருந்தார். முதல் பக்கத்துக் கூட்டலைப் பார்த்தால், அந்தப் பையன் தேறுவதற்கு இன்னும் நான்கைந்து மதிப்பெண் வேண்டியிருந்தது.

நண்பரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கையில் இருந்த விடைக்குறிப்பில் பரப்புக்கு இரண்டு, தூரத்துக்கு இரண்டு, சூத்திரத்துக்கு இரண்டு என்று பிரித்துக் கொடுத்திருந்தார்கள். அதில் இல்லாததற்கு அவர் மார்க் போட்டால், பக்கத்து மேசையில் இன்னொருவர் போடமாட்டார். அது வேறு அநியாயம். "பக்கத்துப் பையனப் பாத்து விடைய மட்டும் எழுதிட்டு, மேல ரெண்டு வரி சேத்திருக்கான் சார்" என்பது அவருடைய சந்தேகம்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த மூன்று வரியில் முழு நிரூபணமும் இருக்கிறது. அதை அவரிடம் சொன்னபடியே இங்கும் சொல்கிறேன்.

வெட்டியெடுத்த துண்டைத் தூக்கி எறிய வேண்டாம். துளைக்குள் திரும்பவும் வைத்துவிடுங்கள். இப்போது தட்டு முழுசு. முழுத்தட்டு அதன் நட்டநடுவில் சாயாமல் நிற்கும், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் இந்த முழுத்தட்டு என்பது இரண்டு பொருள்கள்தான்: வெட்டிய துண்டு ஒன்று, துளையுள்ள மீதித் தட்டு ஒன்று. இரண்டும் சேர்ந்து நடுப்புள்ளியில் சமமாக நிற்கின்றன என்றால், பூங்காவில் ஏற்றப்பலகையின் இரண்டு முனையிலும் குழந்தைகள் உட்கார்ந்த மாதிரி, ஒன்று வலப்பக்கமும் மற்றது இடப்பக்கமும் இழுத்துச் சரிக்கட்டியாக வேண்டும். துண்டு சின்ன வட்டம். அதன் எடை முழுவதும் அதன் மையத்தில், அதாவது 6 செ.மீ. தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். ஆரம் பாதி என்பதால் பரப்பு கால்பங்கு. எடையும் கால்பங்கு. தட்டு 4 என்றால் துண்டு 1, மீதி 3. ஒரு பங்கு எடை ஆறு செ.மீ. தூரத்தில் வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறது. மூன்று பங்கு எடை எவ்வளவு தூரத்தில் இடப்பக்கம் உட்கார்ந்தால் சமமாகும்? இரண்டு செ.மீ. அவ்வளவுதான் கணக்கு.

புத்தகத்தில் வரும் கழித்தல் பரப்பும் இதேதான். சமன்பாட்டில் துண்டை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மாற்றியதால் குறி மாறியிருக்கிறது. எதிர்மறை எடையுள்ள பொருள் என்று உலகத்தில் எதுவும் இல்லை. பையன் அந்தக் குறியைத் தொடாமலேயே தப்பித்துவிட்டான். விடையோடு 'துளைக்கு எதிர்ப்பக்கம்' என்று திசையையும் எழுதியிருந்தான். பார்த்து எழுதுபவன் 2 என்று எழுதுவான், திசையை எழுத மாட்டான். அன்றைக்கு என் வாதத்தில் பெரிய சாட்சி அதுதான்.

தலைமைத் தேர்வாளர் வந்தார். வயதானவர், ஒர்க்‌ஷாப் பக்கத்து ஆள், அதிகம் பேசமாட்டார். இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, "சாப்பாட்டு நேரத்துல வெட்டிப் பாத்துடுவோம்" என்றார். விடைத்தாள் கட்டுக்கு மேலும் கீழும் வைக்கும் கெட்டி அட்டை நிறைய கிடந்தது. ஒரு குண்டூசியும் நூலும் வைத்து 12 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம், அதற்குள் 6 செ.மீ. ஆரத்தில் இன்னொன்று. பிளேடால் வெட்டினோம்.

எப்படிச் சோதிப்பது என்பதையும் சொல்ல வேண்டும். பேரன் பேத்தியோடு வீட்டில் செய்து பார்க்கக்கூடியதுதான். தட்டின் விளிம்போரமாக ஓர் ஊசித்துளை போட்டு, சுவரில் அடித்த ஆணியில் மாட்டுங்கள். அதே ஆணியில் ஒரு நூலைக் கட்டி, நுனியில் ஒரு நட்டைத் தொங்கவிடுங்கள். கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு மாதிரி. தட்டு ஆடி நின்றதும், நிறை மையம் ஆணிக்கு நேர் கீழே வந்திருக்கும். ஆகவே அது நூல் போகும் கோட்டில் எங்கோ இருக்கிறது. அந்தக் கோட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். இன்னொரு இடத்தில் துளையிட்டுத் தொங்கவிட்டால் இன்னொரு கோடு கிடைக்கும். இரண்டும் வெட்டும் இடம்தான் விடை.

இந்தத் தட்டுக்கு ஒரு கோடு இலவசம். தட்டின் மையத்தையும் துளையின் மையத்தையும் சேர்க்கும் கோட்டுக்கு மேலும் கீழும் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால், நிறை மையம் அந்தக் கோட்டில்தான் இருந்தாக வேண்டும். அதனால் ஒருமுறை தொங்கவிட்டால் போதும். ஆனால் எங்கே தொங்கவிடுகிறோம் என்பது முக்கியம். துளைக்குப் பக்கத்திலோ நேர் எதிரிலோ அதே கோட்டின் நுனியில் தொங்கவிட்டால், நூலும் அதே கோட்டின் மேலேயே விழும். புதிதாக ஒன்றும் தெரியாது. அதற்குக் கொஞ்சம் தள்ளித் தொங்கவிட்டாலும், இரண்டு கோடுகளும் மிகச் சின்னக் கோணத்தில் வெட்டும். நூல் ஒரு மில்லிமீட்டர் தவறினால் வெட்டும் இடம் ஒரு செ.மீ. தவறிவிடும். கடிகாரத்தில் துளை மூன்று மணிப் பக்கம் என்றால், பன்னிரண்டு மணி இடத்தில் தொங்கவிட வேண்டும். அப்போது நூல் அந்தக் கோட்டை ஏறக்குறைய செங்குத்தாக வெட்டும்.

அன்றைக்கு நூல் வெட்டிய இடம் மையத்திலிருந்து இடப்பக்கம் 2 செ.மீ.க்கு ஒரு மில்லிமீட்டர் குறைவு. தலைமைத் தேர்வாளர் அட்டையைக் கழற்றி, குறித்த இடத்தில் பென்சில் நுனியை வைத்து நிறுத்திப் பார்த்தார். நின்றது. விடைத்தாளை நண்பரிடம் கொடுத்து, "பையன் துண்டத் திரும்ப வெச்சுப் பாத்திருக்கான். பத்தும் போடுங்க, ஓரத்துல நான் கையெழுத்துப் போடறேன்" என்றார். நண்பரும் மறு பேச்சில்லாமல் போட்டார். அந்தப் பையன் யார், என்ன ஆனான் என்று தெரிய வழியில்லை. கட்டில் எண் மட்டும்தான் இருக்கும்.

அன்று மாலை வரை அதே கேள்விக்கு நூற்றுக்கும் மேல் விடைகள் பார்த்தோம். தவறுகள் பெரும்பாலும் இரண்டே வகை. முதல் வகை, ஆரம் பாதி என்பதால் எடையும் பாதி என்று எடுத்துக்கொள்வது. அப்படி எடுத்தால் துண்டு 1, மீதி 1. மையம் 6 செ.மீ. நகர்ந்துவிட்டதாக விடை வரும். கால்பங்கு வெட்டினதற்கு மையம் பாதி ஆரம் ஓடுமா என்று ஒரு நொடி யோசித்தால் தெரிந்துவிடும். இரண்டாவது வகை கொஞ்சம் நுணுக்கமானது. பங்கெல்லாம் சரியாக எழுதிவிட்டு, கடைசியில் மீதியான 3-ஆல் வகுக்காமல் முழுசான 4-ஆல் வகுப்பது. விடை 1.5 செ.மீ. பார்த்தால் நியாயமான எண் மாதிரியே இருக்கும். கண்ணால் பார்த்துச் சந்தேகப்படவும் முடியாது. அட்டையும் நூலும்தான் காட்டிக்கொடுக்கும். ஒரு மில்லிமீட்டர் தவறலாம், அரை செ.மீ. தவறாது. இப்போது தொங்கிக்கொண்டிருப்பது மீதித் தட்டு, முழுத்தட்டு இல்லை என்பதை நினைவில் வைத்தால் இந்தத் தவறு வராது.

இந்தக் கணக்கு என்னை விடாமல் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இதுவரை சொன்னது இல்லை. துளையைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதுதான்.

விளிம்பைத் தொட்டபடியே துளையின் ஆரத்தை 8 செ.மீ. ஆக்குங்கள். பரப்புக்கு ஆரத்தின் வர்க்கம். 144-க்கு 64, அதாவது 9-க்கு 4. துண்டு 4 பங்கு, மீதி 5 பங்கு. துளையின் மையம் இப்போது 4 செ.மீ. தள்ளித்தான் இருக்கிறது. நாலு நாலு பதினாறு. ஐந்தால் வகுத்தால் 3.2. நிறை மையம் இடப்பக்கம் 3.2 செ.மீ. நகர்ந்திருக்கிறது. ஆனால் துளையின் இடது ஓரம் மையத்தைத் தாண்டி இடப்பக்கம் 4 செ.மீ. வரை வந்துவிட்டது. ஆக, நிறை மையம் இருக்கும் இடத்தில் அட்டையே இல்லை! ஓட்டைக்குள் வெற்றிடத்தில் இருக்கிறது. இந்தத் தட்டைத் தட்டையாகப் பிடித்து ஒற்றை விரலில் நிறுத்த முடியாது. விரல் வைக்க வேண்டிய இடம் காற்றுதான்.

இதைச் செய்து பார்க்கும்போது நூலின் கோட்டைக் கடைசி வரை அட்டையில் வரைய முடியாது. சில பேர் ஓட்டையின் பின்னால் காகிதம் ஒட்டுவார்கள். காகிதத்துக்கும் பசைக்கும் எடை உண்டு, அது விடையைக் கெடுக்கும். ஆணி இருந்த இடத்தையும், கீழே நூல் கடந்த இடத்தையும் விளிம்பில் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தட்டைக் கழற்றி ஒரு தாளின் மேல் வைத்து, இரண்டு புள்ளியையும் அளவுகோலால் சேர்த்து, ஓட்டை வழியாகத் தாளில் கோடு போடுங்கள்.

6 செ.மீ. துளையில் நிறை மையம் அட்டையில் இருந்தது. 8 செ.மீ. துளையில் வெளியே போய்விட்டது. நடுவில் எங்கோ ஓர் அளவில் அது சரியாகத் துளையின் ஓரத்தில் நின்றிருக்க வேண்டும். விளிம்பைத் தொடும் துளைக்குக் கணக்கைச் சுருக்கினால், நகரும் தூரம் இப்படி அழகாக வரும்:

x = r² / (R + r)

R தட்டின் ஆரம், r துளையின் ஆரம். துளையின் ஓரம் இடப்பக்கம் நிற்கும் தூரம் 2r − R. இரண்டும் சமம் என்று எழுதிச் சுருக்கினால் r² + rR = R² என்று வந்து நிற்கிறது. இதைத் தீர்த்தால் r என்பது R-இல் 0.618 மடங்கு. கணிதம் படித்தவர்களுக்கு இந்த எண் உடனே தெரிந்திருக்கும், தங்க விகிதம். ஐங்கோண நட்சத்திரத்தில் வருமே, அதே எண். நமது 12 செ.மீ. தட்டுக்கு 7.4 செ.மீ. துளை. அதற்குச் சிறியதானால் பென்சில் நுனியில் நிற்கும், பெரியதானால் நிற்காது. 7.4-க்கு வெட்டினால் மையம் ஓரத்துக்கு உள்ளே கால் மில்லிமீட்டர்கூட இருக்காது. பென்சிலில் நிறுத்திவிட்டேன் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

இன்னும் பெரிதாக்குங்கள். 11 செ.மீ. துளை. மூன்றாம் பிறை மாதிரி ஒரு கீற்று மிஞ்சும். வகுப்பில் இதைக் கேட்டால் பெரும்பாலான பையன்கள் இரண்டில் ஒன்று சொல்வார்கள். வளையல் மாதிரி ஆகிவிட்டதால் மையம் நடுவுக்கே திரும்பிவிடும் என்பார்கள், அல்லது எடையெல்லாம் இடது ஓரத்தில் இருப்பதால் 12 செ.மீ. வரை போய்விடும் என்பார்கள். இரண்டும் இல்லை. 121-ஐ 23-ஆல் வகுத்தால் ஐந்தே கால் செ.மீ. சொச்சம். துளையைத் தட்டின் அளவுக்கே நெருக்கிக்கொண்டு போனால் அது 6-ஐ நெருங்கும், அதாவது ஆரத்தில் பாதி. அதைத் தாண்டாது. வளையல் எல்லா இடத்திலும் ஒரே தடிமன். இந்தக் கீற்று தொடும் இடத்தில் ஒன்றுமே இல்லாமல் தொடங்கி, எதிர்ப்பக்கம் போகப்போகத் தடித்து, மேலும் கீழும் இருக்கும் இடங்களில் பாதித் தடிமனாக இருக்கிறது. அந்த மேல் கீழ்ப் பகுதிகள்தான் மையத்தை ஓரம் வரை ஓடவிடாமல் பிடித்துவைக்கின்றன.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு விஷயம். பழைய தினசரிக் காலண்டர் அட்டை நல்ல கெட்டி, ஆனால் தேதிக் கட்டு ஒட்டியிருந்த இடத்தில் பசையும் காகிதமும் தங்கியிருக்கும், மேல் ஓரத்தில் தகரம் இருக்கும். அந்த இடங்களை விட்டுவிட்டு வட்டம் போடுங்கள், இல்லையென்றால் ஒரே கனம் என்ற நிபந்தனை முதலிலேயே போய்விடும். அட்டைப்பெட்டியின் நெளி அட்டை மடங்கிக்கொள்ளும், அது வேண்டாம். துளை விளிம்பைத் தொடும் இடத்தில் முழுதாக வெட்டிவிட்டால் இரண்டு கொம்புகளும் பிரிந்து தொய்யும். அங்கே ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு அட்டையை விட்டுவையுங்கள், விடை அதனால் மாறாது. ஊசித்துளையைக் கொஞ்சம் பெரிதாகவே போடுங்கள். இறுக்கமாக இருந்தால் தட்டு ஆடி நிற்கும் முன்பே ஆணியில் பிடித்துக்கொள்ளும். விரலால் ஒருமுறை தட்டிவிட்டு, அதே இடத்துக்குத் திரும்பி வருகிறதா என்று பார்த்த பிறகு நூலைக் குறியுங்கள்.